படிக்கட்டுக்கு இடம்

கீழவாஞ்சூரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். துறைமுகத்திலிருந்து கிளம்பும் நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதுதான் அங்கே என் வேலை. ஆள் பிடிக்கும் மேஸ்திரி மாறினார். புதியவர் தன் ஊர் ஆட்களோடு வந்தார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. நான் சேர்ந்தபோதும் என் இடத்தில் யாரோ இருந்திருப்பார்கள். பஸ்ஸில் ஏறலாம்தான். சட்டையெல்லாம் கரி. பக்கத்தில் உட்காருகிறவர் ஒதுங்குவதைப் பார்த்துக்கொண்டு வருவதற்கு நடப்பது மேல்.

பூவம் பக்கம் இறால் குட்டை ஒன்றுக்குக் காவலாள் தேவை என்று ஒருவன் சொல்லியிருந்தான். நான் போய்க்கொண்டிருந்தது அங்கேதான். வழியில் காரைக்காலில் என் லாத்தா வீடு. எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். குளித்து, சாப்பிட்டு, ஒரு ராத்திரி படுத்துவிட்டுக் கிளம்புவதாக எண்ணம். எட்டாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து என் ஊர்ப் பயணங்கள் எல்லாம் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கித்தான் அடுத்த ஊருக்குப் போயிருக்கின்றன.

அரசலாற்றுப் பாலம் தாண்டித் தெருவுக்குள் நுழைந்து கேட்டைத் திறந்தேன்.

"மாமா, அப்படியே நில்லுங்க. குழி."

சொன்னது லாத்தாவின் சின்ன மகள். காலடியில், வீட்டு மூலையை ஒட்டி, இடுப்பு ஆழத்துக்கு மேல் ஒரு குழி. அதற்குள் தலையில் முக்காடு மாதிரி துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் குனிந்திருந்தார். இன்ஜினியர் என்று பிறகுதான் தெரிந்தது. மேலே கொத்தனார் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாமா, லாரிக்கு உள்ள உக்காந்து வந்தீங்களா, அடியில படுத்து வந்தீங்களா?" என்றாள் சின்னவள்.

"நடந்து வந்தேன்."

"அதான் ரோடே கருத்துப் போச்சு."

வீட்டில் மாடி எடுக்கப் போகிறார்கள். சின்னவளுக்கு நிக்காஹ் பேசி முடிந்திருந்தது. எங்கள் குடும்பங்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். வீடு பெண்ணுக்கு உரியது. கீழ்வீடு பெரியவளுக்கென்று ஆகிவிட்டது. அவள் கணவர் துபாயில், அவள் கைக்குழந்தையோடு இங்கே. சின்னவளுக்கு மேலே ஒரு வீடு எழும்பினால்தான் கல்யாணம். இந்த வீடு மாடியைத் தாங்காது என்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று லாத்தாவின் கணவர், என் மச்சானுக்குத் தூக்கமில்லை. அவர் சவுதியில் முதுகு ஒடிய உழைத்து எழுப்பிய வீடு அது. கட்டும்போது அவர் இங்கே இல்லை. அஸ்திவாரத்தில் என்ன போட்டார்கள் என்பது அவருக்கே தெரியாது.

அதைத்தான் இன்ஜினியர் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூண் இல்லாத வீடு. சுவரே பாரம் சுமக்கிறது. சுவருக்குக் கீழே செங்கல் படிப்படியாக அகன்று இறங்குவதைக் காட்டினார். அதற்கும் அடியில் ஜல்லி போட்டுக் கெட்டித்திருந்தார்கள். அடிப்பாகம் எவ்வளவு அகலம் என்று அளந்தார். கம்பியால் செங்கல்லைக் குத்தினார், பொடியவில்லை. உப்புக் காற்று வீசும் ஊரில் அதுதான் பயம். அடிமண்ணை ஒரு பிடி எடுத்து விரலால் பிசைந்து பார்த்தார். நல்ல களிமண், இறுகியிருந்தது.

மச்சான் குழி ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி இன்ஜினியர் முகத்தையே பார்த்தார்.

"முன்பக்கம் நல்லா இருக்குங்க. ஹாலு, ரெண்டு ரூமு மேல கட்டலாம். சுவருக்கு நேர் மேல சுவர் வரணும். லேசான கல்லாப் போட்டுக்கலாம். ஒரு மாடிதான். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க."

"எனக்கு ரெண்டு பொண்ணுதாம்மா" என்றார் மச்சான். அவர் சிரித்து நான் பார்த்து வெகு காலம்.

பின்பக்கக் குழிக்குப் போனோம். அங்கே அடுப்படிச் சுவரும் செப்டிக் டேங்கும் அருகருகே இருந்தன. குழியில் அடியிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. மண் கூழாக இருந்தது. அடுப்படிக்கு மேல் ஒன்றும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிக்கல் அதற்குப் பிறகு வந்தது.

"அப்ப படிக்கட்டு?" என்றார் இன்ஜினியர்.

ஹாலுக்குள் வைக்கலாம் என்றால் மேல்தளத்தை வெட்டித் துளை போட வேண்டும். பழைய கான்கிரீட்டில் கம்பியை அறுப்பது ஆகாது என்றார். அப்படி வைத்தாலும் சின்ன மாப்பிள்ளை பெரியவளின் ஹால் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும்; அது எங்கள் வீடுகளுக்குச் சரிவராது. முன்னால் தெருவுக்கு விட வேண்டிய இடம் போக மிச்சம் ஒன்றுமில்லை. பின்னால் அந்தக் கூழ் மண். வடக்குப் பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர்.

"தெக்குப் பக்கம்தாங்க. அந்த ஷீட் போட்ட ரூமை எடுத்துட்டா படி அழகா உக்காரும்."

லாத்தா அடுப்படி வாசலிலிருந்து முன்னால் வந்தாள். "அந்த ரூமு வேண்டாம்" என்றாள்.

"ஏம்மா? அது அரைக்கல் சுவரு. அஸ்திவாரமும் இல்ல. யாரு இருக்கா அதுல?"

"அது என் தம்பி ரூமு."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

லாத்தா என்னைக் காட்டினாள். கரிச் சட்டையோடு நான் நின்றேன். இன்ஜினியர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"அப்பப்ப" என்றேன்.

கொத்தனார் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார்.

இரண்டு மாதமாகவே வேலை அங்கேதான் முட்டி நிற்கிறது என்று பெரியவள் என்னிடம் சொன்னாள். கொத்தனாரும் முதலிலேயே அந்த இடத்தைத்தான் காட்டியிருக்கிறார். லாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. மச்சான் பேசிப் பார்த்துவிட்டு, இன்ஜினியரையாவது கூப்பிடுவோம், வேறு இடம் காட்டுவார் என்று அழைத்திருக்கிறார். எனக்கு அது எதுவும் தெரியாது. அந்த அறையை நான் என் அறை என்று நினைத்ததே கிடையாது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், மழை பெய்தால் காது அடைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். எப்போது வந்தாலும் விரிப்பு துவைத்துப் போட்டிருக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணியிருந்தேன். சூரத்திலிருந்து மஞ்சள் காமாலையோடு வந்து விழுந்தபோது மாதக்கணக்கில் அங்கே கிடந்திருக்கிறேன். எழுந்து நடக்க முடிந்ததும் போய்விட்டேன்.

"இடிச்சுப் போடு லாத்தா. நான் எங்க வேணும்னாலும் படுப்பேன்" என்றேன்.

"தெரியும். எங்க வேணும்னாலும் படுப்பே. அதுக்குத்தான் அந்த ரூமு."

"அதுக்காக இவ கல்யாணத்தை நிறுத்துவியா?"

"நான் எங்கடா நிறுத்துறேன்? வேற இடத்துல படி வைங்கன்னுதானே சொல்றேன். இவன் நல்லா இருக்கையில ஒரு ராத்திரிக்கு மேல தங்கமாட்டான் அம்மா" என்று இன்ஜினியரிடம் திரும்பினாள். "உடம்பு முடியாம வந்தா மாசக்கணக்குல கிடப்பான். அப்ப நான் பெரியவ புருஷன் லீவுல வந்து இருக்குற ஹால்லயா பாய் போட முடியும்?"

இன்ஜினியர் டேப்பை மெதுவாகச் சுருட்டினார். மச்சான் தரையைப் பார்த்தார். நான் அப்போதே பூவத்துக்கு நடக்கத் தொடங்கியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது; போனவனுக்காகத்தான் அறை இருந்தது.

சின்னவள்தான் பேசினாள். "உம்மா, மேல கட்டுறது யாரு வீடு?"

"உன் வீடுதான்."

"என் வீட்டுல யாரு படுக்கணும்னு நான்தானே சொல்லணும்? மாமாவுக்கு மேல ஒரு ரூமு விடுறேன்."

"புது மாப்பிள்ளை இருக்குற வீட்டுல இவன் எப்படிடி வந்து போவான்? கூச்சப்பட்டே வராம இருந்துடுவான்."

அது உண்மை. லாத்தா என்னை என்னைவிட நன்றாக அறிந்திருந்தாள்.

இன்ஜினியர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு இழுத்தார். "படி வெளியிலதானே வருது. மேல ஏறுனதும் ஒரு மேடை. மேல வர்ற இந்தச் சின்ன ரூமோட கதவை மேடைப் பக்கமா வச்சுட்டா அவரு வீட்டுக்குள்ளயே போக வேண்டாம். ஏறினாரு, திறந்தாரு, படுத்தாரு. அவங்க வாசல் தனி."

லாத்தா அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாத்ரூமு?" என்றாள்.

"குழாய் இந்தச் சுவர்லதான் மேல போவுது. பக்கத்துலயே சின்னதா வைக்கலாம்."

"காய்ச்சலோட படி ஏறணுமே."

"கைப்பிடி ரெண்டு பக்கமும் போட்டுத் தர்றேன்மா. படியையும் உயரம் குறைச்சு வைக்கலாம், இடம் இருக்கு."

பிறகு லாத்தா கொத்தனாரிடம் கேட்டாள். "ஐப்பசி மழைக்கு முன்னாடி கூரை போட்டுடுவீங்களா? மொட்டைமாடியில பதிச்ச தட்டோட்டைப் பேத்துப் போட்டுட்டு மழையில விட்டீங்கன்னா பச்சப்புள்ளை தலையில ஒழுகும்."

அதுதான் அவள் சம்மதம். மச்சான் திரும்பி உள்ளே போய்விட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது சரி.

மீதி எல்லாம் வீட்டை எப்படி மாற்றி வைப்பது என்ற பேச்சு. மொட்டைமாடித் தண்ணீர் டேங்கைக் கீழே இறக்கினால் வேலை முடியும்வரை வாளியில்தான் தண்ணீர். உடைக்கிற சத்தத்தில் குழந்தை தூங்காது; பெரியவள் பகலில் எதிர் வீட்டில் இருக்கட்டும். பெரியவள், "எல்லாரும் மேல போறீங்க, எனக்கு மட்டும் தூசி" என்றாள். "உன் கல்யாணத்துக்கு நான் வெயில்ல பந்தக்கால் பிடிச்சேன்" என்றாள் சின்னவள். படியை வீட்டுச் சுவரோடு கட்டிப் பிணைக்கக் கூடாது என்று இன்ஜினியர் கொத்தனாரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பழைய வீடு அமுங்க வேண்டியது அமுங்கி முடிந்துவிட்டது. புது அஸ்திவாரம் இனிமேல்தான் கொஞ்சம் அமுங்கும். சேர்த்துக் கட்டினால் விரிசல் விடும். நடுவில் இடைவெளி விட வேண்டும். படிக்குத் தோண்டும்போது பழைய அஸ்திவாரத்தின் அடிக்குக் கீழே போகவும் கூடாது.

கொத்தனாருக்குச் சித்தாள் ஒருவர் குறைவு. என்னைப் பார்த்தார். "இறால் காக்கப் போறீங்களாமே" என்றார்.

"இன்னும் போகல" என்றேன். கூரை ஏறும்வரை இருக்கிறேன் என்றேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை, லாத்தாவும் கேட்கவில்லை. "சும்மா செய்யாதே. மத்தவங்களுக்கு என்ன கூலியோ அதை வாங்கிக்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று அந்தக் கட்டிலில்தான் படுத்தேன். விரிப்பில் சோப்பு வாசனை. இத்தனை ஊர்களில் படுத்திருக்கிறேன்; எந்த இடமும் நான் இல்லாதபோது எனக்காகக் காலியாக இருந்ததில்லை. கல்யாணத்தையே காத்திருக்க வைத்த இடத்தில் ஒன்றும் தெரியாமல் வந்து வந்து போயிருக்கிறேன்.

காலையில் கட்டிலை நானும் மச்சானும் தூக்கி வெளியே வைத்தோம். கொத்தனார் ஸ்பேனரைக் கொடுத்தார். ஏணி வைத்து ஏறினேன். ஷீட்டை இறுக்கியிருந்த கொக்கி போல்ட்டுகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து நகர மறுத்தன. கீழேயிருந்து லாத்தா மண்ணெண்ணெய்ப் பாட்டிலை நீட்டினாள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விட்டு, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து கழற்ற ஆரம்பித்தேன். ஷீட் உடையாமல் இறங்கினால் சிமெண்ட் மூட்டைகளை நனையாமல் மூடி வைக்க ஆகும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார்.