ஒட்டு இல்லீங்க, கோர்வை

எனக்கு வாய் நீளம்னு எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆரணியில பட்டு வாங்க வீடு தேடி வர்றவங்க, விலையைக் கேட்டுட்டு "இவ்ளோவா!"ன்னு இழுத்தா எனக்குச் சுர்ருன்னு ஏறிடும். "அப்ப கடைக்கே போயி வாங்கிக்கோங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். எங்க வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிரு. வந்தவங்க மூஞ்சி லேசா வாடினாலே போதும், ஆயிரமோ ரெண்டாயிரமோ குறைச்சிடுவாரு. அதுக்கு மேல காபி வேற குடுப்பாரு. நான் விரட்ட, அவரு குறைக்க, இப்படியே இருபத்திரெண்டு வருஷம் குடித்தனம் ஓடிச்சு.

அவரு குறைக்கிற காசு எங்கிருந்து போவுதுன்னு எனக்குத் தெரியும். பட்டு நூல் விக்கிறவரு குறைக்க மாட்டாரு. ஜரிகைக்காரர் குறைக்க மாட்டாரு. சாயம் போடுறவரும் மாட்டாரு. மிச்சம் இருக்கிறது எங்க ரெண்டு பேர் கூலி. தறியில உக்கார்றவரு அவரு, அதனால அவரு கூலியை மொதல்ல எடுத்து வெப்பாரு. பக்கத்துல உக்காந்து, நூல் சுத்தின நாடாக் கட்டையைக் கரைக்குக் குறுக்கே தள்ளுறவ நான். குறையறதெல்லாம் என்னுதுதான். பொண்டாட்டிக்கு இன்னா கூலின்னு அவருக்கு மட்டுமில்ல, இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு நெனப்பு.

போன வருஷம் தோள்பட்டை வலி தாங்க முடியாம ஒரு நாள் சொல்லிட்டேன். "இந்தப் புடவைக்கு என் கூலியையும் சேர்த்து விலை வெக்கிறோம். அதுல கை வெச்சீங்கன்னா, அடுத்த புடவைக்குக் கரை போட வேற ஆளைப் பாருங்க." அவரு சரின்னு தலையை ஆட்டினாரு. அவரு எல்லாத்துக்கும் தலையை ஆட்டுவாரு, அதை நம்ப முடியாது.

அந்தப் புடவையைப் பாக்கத்தான் செய்யார்லேர்ந்து ஒரு அம்மா, கல்யாணப் பொண்ணைக் கூட்டிகினு வந்தாங்க. அந்தம்மாவுக்கு அங்க கம்பெனியில ஷிஃப்ட் வேலை. பொண்ணோட முகூர்த்தத்துக்குப் புடவை. புடவை உடம்பு பச்சை, கரை அரக்கு. பார்த்ததுமே பொண்ணுக்குப் புடிச்சிப்போச்சு. விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறுன்னு சொன்னேன்.

"ரொம்ப அதிகம்க்கா. இதே மாதிரி வேற இடத்துல பதினாலாயிரம்னாங்க"ன்னு அந்தம்மா போன்ல போட்டோ காட்டினாங்க.

நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா விரட்டினாலும் என் கூலி போவும், குறைச்சாலும் என் கூலி போவும். அடக்கிக்கினேன். "அது நல்லாத்தான் இருக்குது. இதுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, காட்டுறேன்"னு சொல்லி, எங்க புடவையைப் பாய்ல விரிச்சிப் பின்பக்கம் திருப்பினேன். உடம்பும் கரையும் சேர்ற எடத்துல பல்லு பல்லா ஒரு கோடு போவும். எங்களுக்கு அதுதான் பெருமை. அந்தப் பெருமையில வாய் தவறி, "தோ பாருங்க, இங்கதான் ஒட்டியிருக்கோம்"னுட்டேன்.

அந்தம்மா மூஞ்சி மாறிடுச்சு. "ஒட்டுப் போட்ட புடவையா? மணவறையில உக்கார்ற பொண்ணுக்கு ஒட்டுப் போட்டதைக் கட்டச் சொல்றீங்களா?"

பொண்ணு புடவை மேல வெச்ச கையை எடுத்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் தொண்டையைக் கனைச்சாரு. "அதுக்கில்லம்மா, வேணும்னா ஒரு ரெண்டாயிரம்..."னு ஆரம்பிச்சாரு. குறையே இல்லாத புடவைக்குக் குறை இருக்குன்னு இவரே ஒத்துக்கிற மாதிரி! ஒரு முறை முறைச்சேன், வாயை மூடிக்கினாரு.

"என் வாயில வந்த வார்த்தை தப்பும்மா. ஒட்டு இல்லீங்க, கோர்வை. வாங்க, தறியிலயே காட்டுறேன்"னு புடவையையும் எடுத்துகினு ரெண்டு பேரையும் உள்ளே கூட்டிகினு போனேன். அடுத்த புடவை தறியில ஓடிகினு இருந்துச்சு. அவரை உக்காரச் சொல்லி, பக்கத்துல நானும் உக்காந்தேன். நடுவுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா. உடம்பு நூலை அவரு தள்ள, கரை நூலை நான் தள்ள, ரெண்டும் சேர்ற எடத்துல ஒண்ணை ஒண்ணு கொக்கி போட்டுக் கோத்துக்கும். ஒரு எழைக்கு ஒரு தடவை. புடவை முடியற வரைக்கும் இதே வேலைதான்.

"இதை ஒத்தை ஆளா வேகமா நெய்ய முடியாதும்மா. உங்க போட்டோவுல இருக்கிறதைப் பாருங்க. பச்சை நூலு கரையிலயும் குறுக்கே ஓடியிருக்கு, அதான் அரக்கு கொஞ்சம் மங்கலாத் தெரியுது. இதுல கரை சுத்தமா அரக்காவே நிக்குது பாருங்க. அது தப்பான புடவைன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு ஆளு நெய்யறது, அதுக்கு அந்த விலை சரி. அந்த மாதிரி வேணும்னா எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு, பதிமூணாயிரம்தான், எடுத்துக் காட்டுறேன். இது ரெண்டு பேரு பன்னண்டு நாள் உக்காந்தது."

அந்தம்மா கோர்வையைத் தடவிப் பாத்தாங்க. "விட்டுடாதா?"

"ரெண்டு கையாலயும் புடிச்சி இழுத்துப் பாருங்க."

எங்க வீட்டுக்காரர் பதறிப்போய்ப் பாதி எழுந்துட்டாரு. அந்தம்மா நல்லாவே இழுத்தாங்க. ஒரு மில்லி மீட்டர் கூட அசையல. பொண்ணு மறுபடியும் புடவையை எடுத்துத் தோள்ல போட்டுக்கினு, "அம்மா, இதும்மா"ன்னுச்சு.

"புரியுதுக்கா, நீங்க சொல்றது நியாயந்தான்"னாங்க அந்தம்மா. எனக்கு மனசு குளுந்துச்சு. ஆனா அடுத்த நொடியே எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாங்க. "அண்ணன் மனசு வெச்சா ஒரு ரெண்டாயிரம் குறைக்க மாட்டாரா?"

போச்சுடான்னு நெனச்சேன். இந்த எடத்துலதான் மனுஷன் எப்பவும் கவுந்துடுவாரு. அண்ணன்னு ஒரு வார்த்தை போதும். நான் வாயைத் திறக்கல. திறந்தா சண்டைதான் வரும். தறியைப் பாத்துகினு உக்காந்தேன்.

அவரு தலையைச் சொறிஞ்சாரு. காலுக்குக் கீழ பாத்தாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு, "முடியாதும்மா."

"ஏண்ணா?"

"குறைச்சா இவ கூலியிலதான் போவும். இத்தினி வருஷமா அதுலதான் கை வெச்சிகினு இருந்தேன். இனிமே வேணாம்."

ஆரணிக்கே வாய் குடுக்கிறவ நான். அன்னிக்குத் தறியில அறுந்தே போவாத எழையைத் தேடித் தேடிச் சரி பண்ணிகினு உக்காந்தேன். அந்தம்மா என்னையும் என் கையையும் மாறி மாறிப் பாத்தாங்க. "நானும் ஷிஃப்டுக்குப் போற கூலிக்காரிதான்க்கா. என் கூலியில புடிச்சா நான் சும்மா இருப்பேனா? பில்லு போடுங்கண்ணா"ன்னாங்க. சொன்ன விலையைக் குடுத்து வாங்கிகினு போனாங்க. பொண்ணு தெருமுனை வரைக்கும் பையைத் திறந்து திறந்து பாத்துகினே போச்சு.

அவங்க போனதும் எனக்கு வாய் திரும்பி வந்துடுச்சு. "இதைச் சொல்றதுக்கு இருபத்திரெண்டு வருஷம் ஆச்சா உங்களுக்கு?"ன்னு கத்தினேன்.

"நீ எங்க என்னைப் பேச வுட்ட?"ன்னாரு.

சிரிச்சிட்டேன், என்ன பண்றது? இவர்கிட்ட முழுசாக் கோவப்படவும் முடியாது. அவரு வந்த பணத்துலேர்ந்து என் பங்கைத் தனியா எடுத்து, வெளி ஆளுக்குக் குடுக்கிற மரியாதையோட என் கையில வெச்சாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்தத் தறியில உக்கார்றேன். கூலின்னு சொல்லி என் கைக்குப் பணம் வந்தது அன்னிக்குத்தான் மொதல் தடவை.