நல்லா இருக்கும்போதே படுப்பவள்

மகள் அன்பரசியின் கல்யாணத்துக்காக லோகநாயகி பம்பரமாகச் சுழன்றாள். கடைசியில் தாலி கட்டும் நேரத்தில் அவளுக்குக் கிடைத்தது மேளச் சத்தம் மட்டும்தான். மண்டபத்து அறையில் கை தூக்க முடியாமல் கிடந்தாள். பெத்த வயிறு என்ன பாடுபட்டிருக்கும், சொல்லுங்கள்! கல்யாணத்துக்கு முன்னால் வந்த சிக்குன்குனியா காய்ச்சல் போயும் அசதி மட்டும் போகவேயில்லை. சொந்தக்காரர்கள் அதைச் சோம்பல் என்றார்கள். அவளே பாதி நம்பினாள்.

பிறகுதான் செங்கல்பட்டு டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். "தெம்பு தீர்ந்த பிறகு படுக்காதீங்க, இருக்கும்போதே படுங்க. நல்லாயிருக்கேன்னு கூடுதலா இழுத்துப் போட்டுக்கிட்டா, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு உடம்பு ஆளைச் சாய்ச்சிடும்."

இப்போது ஊரப்பாக்கத்துச் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. மகளுக்குத் தன் கையால் வளையல் போட வேண்டும், கையோடு வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். இந்த இரண்டு மட்டும் தனக்கு என்று லோகநாயகி முடிவு கட்டினாள். சீர்த்தட்டுகள் கணவன் சடையப்பன் பொறுப்பு. கலந்த சாதமெல்லாம் கேட்டரிங்காரரிடம் சொல்லியாயிற்று.

"பெத்தவ கை படாத சாதமா?" நாத்தனார் விஜயகுமாரி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

"என் கை வளையலுக்கு வோணும் அண்ணி."

போய் இறங்கியதும் உள்ளறையில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். சம்பந்தி வீட்டில், பட்டுப்புடவையோடு! சம்பந்தியம்மா சகுந்தலா பதறி ஓடிவந்தாள்.

"என்ன சம்பந்தி, உடம்பு முடியலையா?"

"நல்லாத்தான் கீது. அதான் படுத்துகினு கீறேன்."

சகுந்தலா ஒரு கணம் விழித்தாள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்து, விளக்கை அணைத்து, கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

நேரம் வந்ததும் லோகநாயகி எழுந்தாள். மகளின் இரண்டு கையும் நிறைய வளையல் அடுக்கினாள். அன்பரசி அழுதாள், இவளும் அழுதாள். மனசு குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சியில் கால்கூட லேசாகிவிட்டது. பந்தி ஆரம்பித்ததும் கை தானாகச் சாம்பார் வாளிக்குப் போனது. நாலு இலைக்கு ஊற்றினால் என்ன ஆகிவிடும்?

என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா! வாளியை விஜயகுமாரி கையில் கொடுத்தாள்.

"நீ ஊத்து அண்ணி. நான் ஒக்காந்து சாப்புடப் போறேன்."

உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கி, ரசித்துச் சாப்பிட்டாள். குற்ற உணர்ச்சியா? தேடிப் பார்த்தும் காணோம்.

மகளோடு வீடு வந்து சேர்ந்து இரண்டு நாளாயிற்று. உடம்பு பழிவாங்குவதானால் இதுதான் நேரம். காலையில் சடையப்பன் பயந்துகொண்டே எட்டிப் பார்த்தான். லோகநாயகி எழுந்து உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னலில் நிறுத்தினாள்.

"இன்னாம்மா, வலிக்குதா?"

"இல்லடி. வலிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். நீயும் படு. மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம்."

பாதிப் பின்னலோடு அன்பரசி அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு கலகலவென்று சிரித்தாள். இரண்டு பேரின் சிரிப்பும் தெருவரை கேட்டது.