உள்ளங்காலில் இருந்த கறுப்பு

என் மனைவிக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஆனால் தெரணியகலை டவுனில் கடைக்குள் நுழைந்தால், "மகளுக்கு என்னா வேணும்?" என்று கடைக்கார நானா என்னிடம் கேட்பார். அவள்தான் சட்டென்று பதில் சொல்லுவாள்.

"அப்பாகிட்ட காசு இருந்தா ஒரு கிலோ சீனி போடுங்க நானா."

நாற்பத்தைந்து தாண்டியும் அவள் கண்ணோரத்தில் ஒரு கோடு விழவில்லை. நாள் முழுக்க வெயிலில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். கறுத்த தோல் கெட்டித் தோல், அதை வெயில் ஒன்றும் செய்யாது என்று மலையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அவளுக்கு இருந்த ஒரே குறை மங்கு. இரண்டு கன்னத்திலும் கரியைத் தேய்த்து விட்டது போலப் படர்ந்திருந்தது. கூடைக் கயிறு அழுத்துகிற நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டை. கால்களில் அட்டை கடித்த இடமெல்லாம், புண் ஆறி மாதக்கணக்கான பிறகும், கறுப்புப் பொட்டுகள். எங்கள் உடம்பு அப்படித்தான். ஒரு முள் கீறினாலும் அந்த இடம் கறுத்துக்கொள்ளும். அதனால் கறுப்பைக் கண்டு எங்களில் யாரும் பயந்ததில்லை.

மகளுக்குக் கல்யாணம் முடிவானதும் என் மனைவிக்குப் போட்டோவைப் பற்றிக் கவலை வந்தது. டவுனில் ஒரு கிரீம் வாங்கிப் பூசினாள். முதலில் வெளுத்த மாதிரி இருந்தது, பிறகு எரிந்தது, எரிந்த இடம் இன்னும் கறுத்தது. அதற்குத்தான் இரத்தினபுரி ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போனோம். வேறு எதற்காகவும் இல்லை.

டாக்டர் ஒரு சிங்களப் பெண். என் மனைவி சிங்களத்தில் நன்றாகப் பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் முதலில் அந்தக் கிரீமை நிறுத்தச் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார். தோலில் இருக்கிற கறுப்புச் சாயம் வெயிலின் ஒரு பகுதியை மேலேயே பிடித்துக்கொள்கிறது. அதனால் அடியில் தோலை இறுக்கிப் பிடிக்கிற நார்கள் மெதுவாகத்தான் கெடும், சுருக்கம் தாமதமாகத்தான் வரும். ஆனால் அந்தச் சாயத்தைச் செய்கிற அணுக்கள் எங்களைப் போன்றவர்களுக்குச் சுறுசுறுப்பானவை. வெயில், உரசல், புண், பெண்களுக்குப் பிள்ளைப்பேறு, எது தூண்டினாலும் ஓரிடத்தில் அதிகமாகச் சாயத்தைக் கொட்டிவிடும். எங்கள் முகத்துக்கும் வெயில் தடுக்கிற கிரீம் வேண்டும், தொப்பியும் வேண்டும் என்றார்.

"கொழுந்துக்கூடைக் கயித்துக்கு மேல தொப்பியா? கங்காணி சிரிச்சே செத்துருவாரு" என்று என் காதில் தமிழில் சொன்னாள்.

எழுந்து கதவுப் பக்கம் நடந்தபோது டாக்டர் அவளை நிறுத்தினார். ஏன் குதிகாலை ஊன்றாமல் நடக்கிறாய் என்று கேட்டார்.

"கால் ஆணி டாக்டர். பிளாஸ்டர் போட்டிருக்கேன். அது ஒன்னுமில்ல."

கட்டிலில் ஏறச் சொல்லி பிளாஸ்டரை டாக்டரே பிரித்தார். குதிகாலின் அடியில் ஒரு கறுப்பு. அதை நான் முன்பே பார்த்திருந்தேன். அட்டைக்கடிக் கறுப்புகளில் இதுவும் ஒன்று, அதன் மேல் ஆணி விழுந்திருக்கிறது என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். அன்றைக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் ஓரம் சிந்திய மை போல ஒழுங்கில்லாமல் பரவியிருந்தது. நடுவில் கசிவு. டாக்டர் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் வெகு நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவர்கள் தங்களுக்குள் இங்கிலீசில் பேசத் தொடங்கியதும் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வாங்கப் போன அன்று, புற்று என்று டாக்டர் சொன்னார்.

"செருப்புக்குள்ள இருக்கிற காலு டாக்டர். அங்க வெயிலே படலியே" என்று கேட்டாள்.

இந்த வகை வெயிலால் வருவதில்லை என்றார் டாக்டர். சாயம் செய்கிற அணுவே கெட்டுப்போவது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி, இப்படி வெயில் தீண்டாத இடங்களில் எந்த நிறத்தவருக்கும் வரும். வெயிலால் வருகிற தோல் புற்று எங்களைப் போன்றவர்களுக்குக் குறைவு. இந்தச் சாய அணுப் புற்று எங்களுக்கு வரும்போது இந்த மாதிரி இடங்களில்தான் அதிகம் வருகிறது. அங்கே யாரும் பார்ப்பதில்லை, அதனால் பிந்தித்தான் தெரிகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இங்கருங்க. நெழல் மரம் வெயிலத் தடுக்கும். வேருல பூஞ்சணம் பிடிச்சா அது என்னா செய்யும்?"



குதிகாலை வெட்டி, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். அதற்குள் புற்று பரவி, கவட்டில் கட்டி வந்துவிட்டது. மகளின் கல்யாணத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, போட்டோவுக்கு நின்றவர்களையெல்லாம் கேலி செய்தாள். கன்னத்து மங்கு மறைய எதுவும் பூசவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டாள்.

நான் இறப்பர் பால் வெட்டுகிறவன். விடியலில் மரங்களுக்கு நடுவே போகும்போது பின்னால் ஒரு செருப்பு இழுபடும் சத்தம் கேட்கும். ஒரு கால் அழுத்தி, ஒரு கால் அழுத்தாமல். நான் நின்றால் அதுவும் நிற்கும். காய்ந்த இலைதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவேன்.

அதைவிடக் கெட்ட பழக்கம் ஒன்று வந்தது. கோயிலில் பெண்கள் மண்டியிட்டுக் கும்பிடும்போது உள்ளங்கால்கள் வரிசையாகத் தெரியும். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் என் கண் ஒவ்வொரு காலாகப் போகும். ஒரு நாள் இதை ஒருத்தி கவனித்துவிட்டாள். அன்று மாலையே என் மனைவியின் தங்கை லயத்து வரிசை வீடுகளில் என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"மச்சான், நீங்க பொம்பளைங்க காலையே பாக்குறீங்கனு லயமே சிரிக்குது. எனக்கு மானம் போவுது. என்னா இது, இந்த வயசுல?"

"ஒன் காலக் காட்டு புள்ள" என்று டார்ச்சை எடுத்தேன்.

அவள் என்னை முறைத்தாள். பிறகு முகம் மாறியது. பெரியவர்கள் முன்னால் கால் நீட்டாதவள், வாசல்படியில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு காலை என் பக்கம் நீட்டினாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிறிய தோல், பித்தவெடிப்பு, வேறு ஒன்றுமில்லை. மற்றக் காலையும் விரலிடுக்குகளையும் பார்த்தேன்.

"இல்ல" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டார்ச்சை என் கையிலிருந்து வாங்கினாள்.

"ஒங்க கால யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. நானே பார்த்ததில்லை. காலைத் தூக்கிக் காட்டினேன். அவள் குனிந்து வெகு நேரம் பார்த்தாள்.

"என்னா?" என்றேன்.

"கறுப்பா இருக்கு மச்சான். பால் காஞ்ச கறையா, என்னாவோ தெரியல. போயி கழுவிட்டு வாங்க."

தண்ணீர்ப் பீலிக்குப் போய்த் தேங்காய் மட்டையால் தேய்த்தேன். இறப்பர் பால் காய்ந்தால் கறுத்து ஒட்டிக்கொள்ளும். அது சுருள் சுருளாக உரிந்து தண்ணீரோடு போனது. அடியில் வெளிறிய தோல் தெரிந்தது. கறை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. வாசலில் நின்று அவள் கூப்பிட்ட சத்தமும் கேட்டது. ஆனாலும் இருட்டிய பிறகும் என் கை நிற்கவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தது.