பிள்ளையார் கோவில் பின்புறம், இரண்டாவது மாடி

காலை ஆறு ஐம்பது. அக்கா வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரின் பின்பெட்டியிலிருந்து வெள்ளையாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. பால் என்று நினைத்தேன். கிட்டே போனதும் புளித்த வாடை அடித்தது. இட்லி மாவு. முந்தின நாள் சாயங்காலம் வீடு கிடைக்காமல் திரும்பிய நான்கு பாக்கெட்டுகள், மே மாதத்து டெல்லியில் இரவெல்லாம் பெட்டிக்குள் கிடந்து பொங்கி வெடித்திருந்தன.

அக்கா கோட்லாவில் தரைத்தளம் ஒன்றை வாடகைக்கு எடுத்து மாவு அரைத்து விற்கிறாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அரிசியும் உளுந்தும் வாங்குகிறாள். லோதி ரோடு, கோல் மார்க்கெட் பக்கத்து அரசுக் குடியிருப்புகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள்தான் வாடிக்கையாளர்கள். கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஒரு கூரியர்காரரைப் பேசி வைத்திருந்தாள். அன்று காலை ஸ்கூட்டரில் வந்தவர் அவரேதான்.

"மேடம், யே ஆக்கிரி ஹஃப்தா ஹை" என்றார். இதுதான் கடைசி வாரம். "அட்ரஸ் சரியா இல்லேன்னா என் பசங்க வரமாட்டாங்க. ஒரு பாக்கெட்டுக்கு ஆறு போன். பெட்ரோல் யாரு தருவா?"

அவர் போனதும் அக்கா என்னிடம் திரும்பினாள். "பாத்தியாலே? இவனும் போய்ட்டான்னா நான் எங்க போவேன்? நீ பேப்பர்ல இருந்தவன்தானே, அந்த அட்ரஸை எல்லாம் ஒழுங்கு பண்ணிக் குடு."

செய்திப் பிரிவில் பல வருடங்கள் பிரதி திருத்தியவன் நான். ஒரு ஊரின் பெயரை ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதினால் எனக்குச் சோறு இறங்காது. ஒப்புக்கொண்டேன்.

அக்காவின் போனில் இருந்தவற்றை முகவரிகள் என்று சொல்ல முடியாது. ஒருவர், 'பழைய இடம்தான்' என்று எழுதியிருந்தார். ஒரு அம்மா, 'கேட்டில் நுழைந்து வலது பக்கம்' என்று அனுப்பியிருந்தார். அந்தக் குடியிருப்புக்கு மூன்று கேட், மூன்றிலும் வலது பக்கம் உண்டு. இன்னொருவர் லொக்கேஷன் அனுப்பியிருந்தார். அதைத் தொட்டால் அவருடைய அலுவலகம் வந்தது. வேலை நேரத்தில் அங்கே உட்கார்ந்தபடி அனுப்பியிருக்கிறார். மாவு இரண்டு முறை மத்திய அமைச்சகம் ஒன்றின் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறது.

வரிசை ஒன்றை வகுத்தேன். வீட்டு எண், மாடி, பிளாக், குடியிருப்பு, நுழைய வேண்டிய கேட், அடையாளம், பின்கோடு, போன். யாருக்கும் இந்த வரிசை மாறக்கூடாது. எதையும் காலியாக விடக்கூடாது. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "இத்தனை வருஷமா இருக்கோம் சார், எங்க வீடு எல்லாருக்கும் தெரியும்" என்றார்கள். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். அடுத்த வீட்டுத் தமிழ்க் குடும்பம் என்று பதில் வந்தது.

ஸ்கூட்டர் பையன்கள் இந்திதான் சரளமாகப் படிப்பார்கள். ஆகவே லேபிளில் ஆங்கிலத்துக்குக் கீழே ஒரு இந்தி வரி: கேட், பிளாக், அடையாளம் மட்டும், பெரிய எழுத்தில். அதை அக்கா மகள் எழுதினாள். டெல்லியில் பிறந்த பெண். தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். நான் வாசிக்க வாசிக்க இந்தியில் தட்டினாள்.

"பிள்ளையார் கோவில் பின்புறம்னா, மாமா, நான் மாத்தி எழுதவா?"

"மாத்தாதே. அவங்க சொன்னதை அப்படியே எழுது."

"அச்சா."

லேபிள்கள் அழகாக வந்தன. மறுநாள் மற்ற இடங்களுக்கெல்லாம் மாவு போய்ச் சேர்ந்தது. லோதி ரோடு குடியிருப்பு ஒன்றுக்கான மூன்று பாக்கெட்டுகள் மட்டும் திரும்பி வந்தன. கொண்டுபோனவன் லேபிளை அக்கா முகத்துக்கு நேரே நீட்டினான். "படா தோ ஆன்ட்டி, பூரா படா." படித்தேன், முழுசும் படித்தேன் என்றான். எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தும் காட்டினான். "பிள்ளையார் கோவில் பிம்புறம். அங்க யாரைக் கேட்டாலும், க்யா பிள்ளையார், அப்படின்னா என்னங்கறான்."

எங்கள் இந்தி வரியில் இருந்தது இந்தி எழுத்து மட்டும்தான். வார்த்தை எங்களுடையது.

"நான்தான் கேட்டேன்ல மாமா" என்றாள் மருமகள். அதற்கு மேல் அவள் சொல்லாதது அவளுடைய பெருந்தன்மை.

அக்கா சும்மா இருக்கவில்லை. "ரெண்டு நாளா போனும் கையுமா உக்காந்திருந்தே. அங்க போய்ப் பாக்கணும்னு ஒனக்குத் தோணலையாக்கும்?"

அன்று மாலை பஸ் பிடித்து அந்தக் குடியிருப்புக்குப் போனேன். பிளாக்குகள் எல்லாம் ஒரே அச்சு. வெள்ளையடித்தபோது பாதி எண்களை மூடிவிட்டார்கள். பின்வரிசையில் தனித்துத் தெரிவது அரச மரத்தடிக் கோவில் ஒன்றுதான். அது என்ன கோவில் என்று கேட்டைக் காக்கும் ஆளிடம் கேட்டேன். "மதராசி மந்திர்." இரண்டு பேர் சொல்லாமல் எந்தத் தகவலையும் அச்சுக்கு அனுப்பிப் பழக்கமில்லை. துணி தேய்ப்பவரிடமும் கேட்டேன். கரிப்பெட்டியை இறக்காமலே சொன்னார்: "மதராசி மந்திர். ஔர் க்யா?" வேறென்ன என்கிறார்.

திரும்பி வந்து மூன்று லேபிள்களையும் மாற்றினோம். கேட் எண் இரண்டு, பிளாக், மதராசி மந்திர் கே பீச்சே, அதாவது மதராசிக் கோவிலுக்குப் பின்னால். இரண்டு வீடுகளுக்கு மறுநாளே போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் பாக்கெட்டை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டுப் போன் செய்தார். அமைச்சகத்தில் துணைச் செயலாளர். அக்காவிடம் வாரம் மூன்று பாக்கெட் வாங்குபவர்.

"லேபிளை என் வீட்டுப் பையன் படிச்சுச் சொன்னான். மதராசியா? யார் எழுதினது?"

நான்தான் என்றேன்.

"நீங்க தமிழர்தானே சார்? முப்பது வருஷமா இந்த ஊர்ல அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. என் அட்ரஸ்ல அது வரக்கூடாது. ஸ்ரீ விநாயகர் ஆலயம்னு போடுங்க."

"அப்படிப் போட்டா வண்டிக்காரங்க கண்டுபிடிக்க மாட்டாங்க சார். எனக்கும் அந்த வார்த்தை பிடிக்காதுதான். வேற அடையாளம் ஏதாவது சொல்லுங்க."

"கோவிலை விட்டா வேற என்ன இருக்கு?"

"கோவில்னு மட்டும் போட்டா?"

"முன்கேட்டுக்கிட்ட சிவன் கோவில் இருக்கே, அங்க போயிடுவான்."

"அப்ப நீங்க இறங்கி வந்து வாங்கிக்கறீங்களா?"

"நான் ஏன் சார் இறங்கி வரணும்? டெலிவரின்னா வீட்டுக்குத்தானே?"

இப்படியே நீண்டது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் சொல்கிறபடி எழுதினால் பாக்கெட் திரும்பி வரத்தான் போகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருப்பது எரிச்சலைக் கூட்டியது. போனை வைத்ததும் கூரியர்காரரிடமிருந்து செய்தி வந்தது: இன்னும் ஒரு ரிட்டர்ன் வந்தால் திங்கட்கிழமை முதல் வண்டி கிடையாது.

அக்கா உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஸ்ரீ விநாயகர்னு போட்டா திரும்பி வந்துரும்."

"ஆமா."

"மதராசின்னு போட்டா அவரு திருப்பி அனுப்பிருவாரு."

"ஆமா."

கையை உதறிவிட்டு எழுந்தாள். போனை எடுத்து அவளே கூப்பிட்டாள். "சார், உங்க வீட்டுக்கு இனி மாவு அனுப்ப முடியாது. கோவிச்சுக்காதீங்க. வேணும்னா வந்து வாங்கிக்கோங்க." அவர் ஏதோ பேசினார். அக்கா, "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டாளே தவிர சொன்னதை மாற்றவில்லை. வைத்த பிறகு, வாரத்துக்கு மூணு பாக்கெட் போச்சு என்று மட்டும் சொன்னாள்.

மருமகள் பட்டியலில் அவர் வரியை எடுத்துவிட்டு மற்ற லேபிள்களை அச்சடித்தாள். அந்த வாரம் அதன்பின் ஒரு பாக்கெட்டும் திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டர் வந்தது.