காரியாபட்டியும் டீச்சரும்

எங்கள் கம்பெனியில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. ஊரைச் சொல்லுவார்கள், இல்லாவிட்டால் முன்னால் பார்த்த வேலையைச் சொல்லுவார்கள். சிவகாசியில் காலண்டரும் டைரியும் அடிக்கிற கம்பெனி. வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து வேனில் வந்து இறங்குகிறவள் என்பதால் நான் வெம்பக்கோட்டை. தினசரி காலண்டருக்கு நான்தான் புரூஃப் பார்த்தேன். திங்கள்கிழமைத் தாளில் ராகு காலம் ஏழரை ஒன்பது இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால், படிக்கவே வேண்டாம், என் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தும். அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டால் ஊர் முழுக்கத் தர்ப்பணம் தப்பிப்போகும். அந்தப் பயத்தோடு உட்கார்ந்து படிப்பதில் எனக்கு ஒரு பெருமை.

பிறகு ஒரு வருசம் முதலாளி, யார் எந்த வேலையை எந்த நாளில் பார்ப்பது என்று பிளான் போடுகிற சாஃப்ட்வேர் வாங்கினார். கம்ப்யூட்டர் கிளாஸ் போனவள் நான் ஒருத்திதான் என்று என்னைத் தூக்கிப் பிளானிங்கில் வைத்தார்கள். பெரிய சீட் என்றார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு ஏசி ரூமும் கம்ப்யூட்டரம்மா என்கிற புதுப் பேரும்தான்.

என் சீட்டுக்கு அவள் வந்தாள். காரியாபட்டிக்காரி, சிவகாசியில் வாக்கப்பட்டவள், அதற்கு முன் தனியார் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். காலண்டர் செக்சன் சூப்பர்வைசருக்கும் காரியாபட்டிதான் சொந்த ஊர், அதனால் அங்கே அவள் காரியாபட்டி. டைரி செக்சனில் அவள் டீச்சர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், ஆறே மாதத்தில் திதி, நட்சத்திரம், முகூர்த்த நாள் எல்லாவற்றையும் என்னைவிடச் சரளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு அடிவயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது.

டீ நேரத்தில் காலண்டர் சூப்பர்வைசர் எங்க காரியாபட்டி மாதிரி வருமா என்பார். டைரி சூப்பர்வைசர் விடமாட்டார், எங்க டீச்சரைச் சொல்லுங்க என்பார். இரண்டு பேரும் ஒருத்தியைத்தான் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் டம்ளருக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டே குடிப்பேன். ஒரு தடவையாவது, இந்த சீட்டில் முன்னால் இருந்தவளும் நன்றாகத்தான் பார்த்தாள் என்று ஒரு வாய் சொல்ல வேண்டுமே, கிடையாது. அவளுக்குக் கைவைத்த நாற்காலி வந்தது. என் காலத்தில் முதுகு வலிக்கிறது என்று கேட்டதற்கு, தலையணை கொண்டு வாங்க என்றவர்கள்தான் இவர்கள்.

அந்த சீசனில் புரூஃப் செக்சனுக்கு ஒரு ஹெட் போடப் போவதாக முதலாளி சொன்னார். ஆயுத பூஜைக்குள் முடிவு பண்ணிவிடுவாராம். எனக்கு அந்த சீட் வேண்டும் என்று இருந்தது. அது கிடைத்தால் தாள் மறுபடி என் மேஜைக்கு வரும், அவளும் என் கையெழுத்துக்கு வந்து நிற்பாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேனில் வரும்போது மட்டும் தினமும் நினைத்துக்கொள்வேன்.

அதுவரை காலண்டருக்கு ஒரு பிளான், டைரிக்கு ஒரு பிளான் என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் பட்டியலையும் அந்தந்த சூப்பர்வைசரே போட்டிருந்தார். இரண்டையும் ஒரே ஆள் பட்டியலில் இணைக்கச் சொல்லி முதலாளி கேட்டார், இணைத்தேன். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அதற்கு மேல் வேலை ஏறினால் அந்த ஆளின் வரி சிவப்பாகிவிடும். கட்டிங்கில் ஒருவர் சிவப்பு, பைண்டிங்கில் இரண்டு பேர் சிவப்பு. புரூஃபில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. அதைப் பார்த்தும் எரிச்சல்தான். இவளுக்கு மட்டும் எப்படி எல்லாம் அளவாக அமைகிறது?

திங்கள்கிழமை மீட்டிங்கில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் அவசர காலண்டர் ஆர்டர் வந்து நின்றது. புரூஃபுக்கு யார் என்று முதலாளி கேட்டார். டைரி சூப்பர்வைசர், டீச்சருக்கு வியாழன் வரைக்கும் ஃபுல் லோடு என்றார். காலண்டர் சூப்பர்வைசர் உடனே, "அதனாலென்ன, எங்க காரியாபட்டி புதன் மத்தியானமே ஃப்ரீ. அவுககிட்ட குடுங்க" என்றார். முதலாளியும் தலையாட்டி எழுதிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் பொட்டில் அடித்தமாதிரி இருந்தது.

ரூமுக்கு ஓடிவந்து திரையைப் பார்த்தேன். பட்டியலில் காரியாபட்டி ஒரு வரி, டீச்சர் இன்னொரு வரி. கம்ப்யூட்டருக்கு ஊரும் தெரியாது, உத்தியோகமும் தெரியாது. இரண்டு பேர் என்று நினைத்து ஆளுக்கு எட்டு மணி நேரம் என்று இடம் விட்டிருக்கிறது. டீச்சர் பேரில் இருந்த வேலையை எல்லாம் காரியாபட்டி பேருக்கு மாற்றினேன். வரி முழுக்கச் சிவந்தது. பதினான்கு மணி, பதினைந்து மணி, ஒரு சனிக்கிழமையில் பதினாறு. அடுத்த ஆறு வாரத்தில் சிவப்பில்லாத நாள் விரல்விட்டு எண்ணுகிற மாதிரிதான்.

ஐயோ பாவம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்திக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறார்களே, எனக்குக் கால் பங்கு இல்லையே என்றுதான் தோன்றியது. இன்னொன்றும் உறைத்தது. அந்த மணிக்கணக்கெல்லாம் நான் அந்த சீட்டில் இருந்தபோது என் வேகத்துக்குப் போட்டது. அவள் அதைவிட வேகம். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் முடித்திருக்க வேண்டும்.

அவள் மேஜைக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். டிபன் டப்பா திறக்காமல் ஓரத்தில் இருந்தது, மார்கழித் தாள்களைப் படித்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தில் பார்த்தால் கண் இரண்டும் ரப்பை வீங்கி இருந்தது. இவ்வளவு வேலையையும் வைத்துக்கொண்டு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

அவள் பேனாவை மூடிவைத்தாள். "எப்படிக்கா சொல்றது? நான் வந்த நாள்ல இருந்து, வெம்பக்கோட்டை இருந்தப்ப ஒரு தப்பு வந்ததில்ல, வெம்பக்கோட்டை இருந்தப்ப ஒரு தப்பு வந்ததில்லன்னு ரெண்டு சூப்பர்வைசரும் என் காதுல ஓதிக்கிட்டே இருக்காக. ஒரு நா முடியலைன்னு சொன்னா உங்களை இங்கன கொண்டாந்து உக்கார வச்சிருவாக. அந்தப் பயத்துலதான் எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேன்" என்றாள். தாள்களை அடுக்கிக்கொண்டே, "உங்க பேரைக் கேட்டாலே எனக்கு எரியும்க்கா" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் சில்லென்று ஒரு சந்தோசம் ஓடியதை மட்டும் சொல்லியாக வேண்டும். சாப்பிடுங்க என்று டப்பாவை அவள் பக்கம் தள்ளிவிட்டு வந்தேன்.

பளுவைச் சமன் செய்ய உட்கார்ந்தேன். சாஃப்ட்வேரிலேயே அதற்கு ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் சிவப்பெல்லாம் போய்விட்டது, தினசரி காலண்டர் முடிகிற தேதியும் தை மாதத்துக்குப் போய்விட்டது. அந்தப் பட்டன் நாளைத்தான் தள்ளும், ஆளை மாற்றாது. புது வருசம் பிறந்த பிறகு தினசரி காலண்டரை யார் வாங்குவார்? பழையபடி திருப்பிவிட்டுக் கையால் பார்த்தேன். டைரிக்கு ரெக்சின் அட்டை இன்னும் வந்து சேரவில்லை, அட்டை வராமல் பைண்டிங் ஓடாது. அதனால் டைரியின் தகவல் பக்கங்களைப் பத்து நாள் தள்ளினாலும் டைரி முடிகிற தேதி அசையாது. தள்ளினேன். பாதிச் சிவப்பு போனது. ஆனால் தினசரித் தாளில் கைவைக்க முடியாது, அதற்கு மெஷின் தேதி போட்டாகிவிட்டது, ஒரு நாள் பிசகினால் எல்லாம் பிசகும். அவசர ஆர்டரும் அதே வாரத்தில் வந்து முட்டியது. நாளைத் தள்ள முடியாத இடத்தில் இன்னொரு ஆள்தான் வேண்டும், அதுவும் பஞ்சாங்கம் தெரிந்த ஆள்.

அப்படி ஓர் ஆள் கம்பெனியில் நான்தான். பட்டியலில் என்னைத் தேடினேன். இல்லை. பிளான் போடுகிறவளைப் பிளானில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டரம்மா என்று போட மனசு வராமல், புது வரியில் வெம்பக்கோட்டை என்று அடித்தேன். ஆடி முதல் மார்கழி வரையான தாள்களை அந்த வரிக்கு மாற்றினேன். அரை நாள் பிளானிங், அரை நாள் புரூஃப், சரியாக எட்டு மணி. அவள் வரியும் எட்டுக்குள் வந்தது. அடுத்த மாத மத்தியானங்களில் அவளுக்குக் கொஞ்சம் இடம்கூட விழுந்தது.

முதலாளியிடம் காட்டினேன். காரியாபட்டியும் டீச்சரும் பட்டியலில் இரண்டு வரி, நிஜத்தில் ஒரே ஆள் என்று விளக்கியபோது சூப்பர்வைசர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். முதலாளி திரையையே வெகு நேரம் பார்த்தார். இத்தனை பேர் பார்க்காததை நான் பார்த்திருக்கிறேன், ஹெட் சீட் எனக்குத்தான் என்று நினைத்தபோது முகம் சூடாகிவிட்டது. அவர் விரலை அவள் வரியில் வைத்தார், அந்த மத்தியான வெள்ளைக் கட்டங்களில்.

"நல்ல வேலை பாத்தீக கம்ப்யூட்டரம்மா. டீச்சருக்கு மத்தியானம் ஒழியுதுல்ல, அப்ப ஹெட் வேலையையும் அவுகளே பாக்கட்டும். உங்களுக்குத்தான் இப்ப எட்டு மணியும் ரொம்பிருச்சே."

நானே உழுது நானே விதைத்து அவள் வீட்டுக் களத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். அவர் முன்னால் சிரித்தேன். ரூமுக்கு வந்து மவுசை மேஜையில் அடித்தேன், அதற்கு என்ன தெரியும் பாவம்.

ஹெட் வேலையை அவள் பேரில் ஏற்றினேன். வரி மறுபடி சிவந்தது. அடுத்த மாதத்தில் விழுந்த இடம் இந்த மாதத்துக்கு உதவவில்லை. இறக்குவதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. தை முதல் ஆனி வரையான தாள்களையும் என் வரிக்கு மாற்றினேன். எனக்கு இடம் வேண்டுமே, அதற்காகத் தினமும் பிளான் பதிகிற வேலையை இரண்டு சூப்பர்வைசர்கள் தலையிலேயே கட்டினேன். ஆளுக்கு ஒரு பேர்தான் போட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தாள் எல்லாம் என் மேஜைக்கு வந்தது. ஒரு வருசமும் மொத்தமாக என் கையில். மை வாசனையே போதும், பசிக்காது. பதினோரு மணிவாக்கில் அவள் ஹெட்டாகக் கையெழுத்துப் போட வந்தாள். புது மேஜை, ஏசி ரூம், எல்லாம் கிடைத்தவள். என் பேருக்கு மேலே அவள் கையெழுத்து விழுவதைப் பார்த்தபோது எனக்குப் பழையபடி எரிந்தது.

பேனாவை மூடிய பிறகும் அவள் போகவில்லை. ஒரு தாளை எடுத்துச் சும்மா படித்தாள். ராகு காலம், நல்ல நேரம், திதி என்று உதடு அசைந்தது. தப்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லக்கா என்று வைத்துவிட்டு என் கையில் இருந்த தாள்கட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். டீ டம்ளருக்கு மேலாக அவளை நான் பார்த்துக்கொண்டிருந்த பார்வைதான் அது.