பதினாறுக்கு அடுத்து பதினெட்டு

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்று டீச்சர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை வந்த போன்காலும் அந்தக் கோபத்தைக் கிளப்பத்தான் செய்தது.

ஊருக்குள் இருக்கும் ஒரு செருப்புப் பட்டறையினர், எங்கள் பள்ளியில் உதவி பெறும் பிள்ளைகளுக்கு ஷூ தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அளவுப் பட்டியலைத் தாளில் அச்செடுத்து அனுப்பியிருந்தேன். "தாள் வேணாம்மா, எக்ஸெல் ஃபைலையே மெயில்ல அனுப்பிருங்க. நாங்க லேபிள் அடிச்சுப் பெட்டியில ஒட்டணும்" என்றார் போனில் பேசிய பட்டறைப் பெண்.

எரிச்சலோடு அனுப்பப் போனவள் கையை எடுத்துவிட்டேன். அந்தப் பட்டறையில் பெட்டி கட்டுகிற பெண்களில் பாதிப் பேர் வடமதுரைப் பக்கம். எங்கள் பட்டியலில் வடமதுரையிலிருந்து வருகிற ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருந்தாள். அவள் அப்பா ஜெயிலில் இருக்கிறார். சிங்கப்பூரில் இருப்பதாகத்தான் ஊருக்கும் வகுப்புக்கும் சொல்லிவைத்திருந்தார்கள். சேர்க்கையின்போது அவளுடைய அம்மா அழுதுகொண்டே என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "யாருக்கும் தெரியக் கூடாதும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நானோ அதை ஃபைலில் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதி மறைத்து வைத்திருந்தேன். தாளில் எடுக்கும்போது மறைத்தவை வராது; ஃபைலாகவே போனால் யாரும் திறந்து பார்த்துவிடலாம். தாள்தானே என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் ஓட்டினேன்.

கம்ப்யூட்டர் டீச்சரைக் கூப்பிட்டேன். என்னைவிட இளையவர், பொறுமைசாலி. "மொதல்ல வேற பேருல ஒரு நகல் எடுத்துக்கங்க, அக்கா. இதுல அழிச்சா திரும்ப வராது" என்றார். எடுத்தேன். ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதில் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பதையெல்லாம் சொல்லிவிட்டது: நான் எழுதிய கமென்டுகள், ஃபைலை உருவாக்கியவள் என்று என் பெயர், மறைந்த ஷீட் ஒன்று, மறைந்த வரிசை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்று பட்டன்.

"அம்புட்டுத்தானே, அமுக்கிருவோம்" என்றேன்.

"இருங்கக்கா. என்னன்னு பாத்துட்டு அமுக்குவோம்."

ஷீட்டின் பெயர் மேல் வலது கிளிக் செய்து, மறைத்ததைத் திறக்கும் அன்ஹைட் கொடுத்தார். போன வருடத்துப் பெற்றோர் போன் நம்பர்கள் வந்தன. அவை அழியட்டும். பிறகு பட்டியலுக்கு வந்து இடப்பக்கத்து எண்களை விரலால் வருடிக்கொண்டே போனார். பதினைந்து, பதினாறு, பதினெட்டு. முழு ஷீட்டையும் தேர்ந்தெடுத்து அன்ஹைட் கொடுத்ததும் பதினேழாவது வரிசை வெளியே வந்தது.

அந்தப் பிள்ளைதான். பக்கத்தில் என் குறிப்பு. ஷூ அளவுக் கட்டம் காலி.

போன வருடம் இலவசமாகப் புத்தகப் பை கொடுக்க வந்தவர்களுக்குப் பட்டியல் எடுத்தபோது, அந்த ஒரு கட்டத்தை மட்டும் மறைக்கத் தெரியாமல் வரிசையையே மறைத்தவள் நான்தான். திரும்பத் திறக்கவேயில்லை. அந்தத் தாளைப் பார்த்துத்தான் பை கொடுத்தார்கள். இந்த வருடமும் அதே தாளைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிட்டுக் கால் அளந்தேன். இப்போது அந்தப் பட்டனை அமுக்கியிருந்தால் குறிப்போடு பிள்ளையும் போயிருப்பாள்.

குறிப்புக் கட்டம் இருந்த நெடுவரிசை முழுவதையும் நகலில் நீக்கினோம். மறைந்த ஷீட், கமென்டுகள், என் பெயர் எல்லாம் போயின. மறுபடி சோதித்தபோது ஒன்றும் மிச்சமில்லை. பதினேழாவது வரிசையில் அளவு மட்டும் பாக்கி. அந்தப் பிள்ளையைக் கூப்பிட ஆள் அனுப்பினேன்.

வாசலிலேயே நின்றாள். அலுவலகம் என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயம். உள்ளே கூப்பிட்டு, தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, காலை வைக்கச் சொன்னேன். பென்சிலால் சுற்றி வரையும்போது கூச்சத்தில் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"நேரா வைடா. போன வருசம் பை வாங்கலைல்ல நீ? ஏன் வந்து கேக்கல?"

தாளைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பா விசயம் உங்களுக்குத் தெரியும்ல மிஸ். அதான் எனக்குக் குடுக்கலன்னு நெனச்சேன்."

ஒரு வருடமாக இப்படி நினைத்துக்கொண்டே என் வாசலைத் தாண்டிப் போய் வந்திருக்கிறாள். கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை எனக்கு. "இல்லடா. உன் பேர நான்தான் விட்டுட்டேன். என் தப்பு, மன்னிச்சுக்க" என்றேன். அவள் மடக்கிய விரல்களை நீட்டி, காலைத் தாளில் நன்றாகப் பதித்து வைத்தாள்.