அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு சீட்டு

ஏழு வருடங்களுக்கு முன்பு, புதுச்சேரியில் தட்டாஞ்சாவடிப் பக்கம் வாடகை வீட்டில் என் மாமியாரோடு குடியிருந்தபோது நடந்தது இது.

நாள் தள்ளிப்போய் நாலு நாள் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் முதல் சிறுநீரில் பரிசோதித்தேன். ஒரு கோடு பளிச்சென்று வந்தது, இரண்டாவது கோடு வெளிறினாற்போல. சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம்.

காரணம் இருந்தது. முந்தைய வருடம் இதேபோல் கோடு தெரிந்த அன்றே மாமியார் தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்துவிட்டார். எட்டாவது வாரம் கலைந்துவிட்டது. அதன் பிறகு ஒரு மாதம், வந்தவர்களெல்லாம் "என்ன தூக்கின, என்ன சாப்பிட்ட?" என்று கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கோபம் முழுவதையும் மாமியார் மேல் வைத்திருந்தேன்.

என் கணவருக்குச் சேதராப்பட்டுக் கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட். நள்ளிரவு தாண்டி வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லலாம்தான். ஆனால் அவருக்குச் சந்தோஷம் வந்தால் குரல் தெருமுனை வரை கேட்கும். மாமியாரோ மூன்றடி தள்ளி அடுப்படியில். போனில் செய்தி அனுப்பலாமென்றால், அவர் தூங்கும்போது அது அவருடைய அம்மா கையில்தான் இருக்கும்.

அதனால் ஒரு சீட்டு எழுதினேன். "ரெண்டு கோடு வந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்க அம்மாகிட்டக்கூட. ஸ்கேன்ல துடிப்பு பார்த்துட்டு சொல்லிக்கலாம்." மடித்து, ஆணியில் தொங்கிய அவருடைய அடையாள அட்டை உறைக்குள் செருகினேன். மதியம் வேலைக்குக் கிளம்பும்போது சரியாக மாட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். நிம்மதியாக நான் வேலை செய்யும் துணிக்கடைக்குப் போய்விட்டேன்.

பத்தரை மணிக்கு ஒரு பில் போடும்போதுதான் சுரீரென்றது. அந்த உறையில்தான் அவருடைய இ.எஸ்.ஐ. அட்டையும் இருக்கும். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாமியார் அந்த உறையை அப்படியே எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போவார். இன்று அந்தச் செவ்வாய்.

கணவர் போனுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. தலைவலி என்று பொய் சொல்லி ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: மறுபடியும் கலைந்தால் மறுபடியும் அத்தனை பேருக்கும் நான் பதில் சொல்லவேண்டும்.

மருந்தகத்தில் நீண்ட வரிசை. மாமியார் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு மிக அருகில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்த உறை. முன்னாலும் பின்னாலும் எங்கள் தெருப் பெண்கள். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

என்னைப் பார்த்தவர், இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் தொட்டுக் காட்டினார்.

"சீட்டு இதுல இருக்குது. அவன் கெளம்புறதுக்குள்ள திரும்ப வெச்சிடறேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"படிச்சிட்டீங்களா அத்தை?"

"அட்டைய எடுக்கச்சொல்ல வுழுந்துச்சு. பிரிச்சிட்டேன்." வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தார். "நீ எங்கிட்ட இன்னும் சொல்லல. சொல்றப்ப கேட்டுக்கறேன். ஓட்டமா வந்தியா? அந்த பெஞ்சியில போய் உக்காரு."

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. 'உங்க அம்மாகிட்டக்கூட' என்று நான் எழுதியதையும் சேர்த்துத்தானே அவர் படித்திருப்பார்.

பன்னிரண்டரைக்குள் சீட்டு பழைய இடத்துக்குப் போய்விட்டது. கணவர் கம்பெனி பஸ்ஸில் அதைப் படித்துவிட்டு, கம்பெனி வாசலில் போனை ஒப்படைக்கும் முன் எனக்குப் போன் செய்து குசுகுசுவென்று பேசினார். "அம்மாகிட்ட மூச்சு விடமாட்டேன்" என்று சத்தியம் வேறு.

அடுத்த மூன்று வாரம் மாமியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர்க் குடத்தின் மேல் என் கை படவிடவில்லை. நான் குமட்டிக்கொண்டு ஓடினால் வெளியே போய்த் துணி காயப்போடுவார். டாக்டர் தந்த போலிக் ஆசிட் மாத்திரை அலமாரியில் துணிக்கடியில் இருந்தது. அவர் அந்த அலமாரிப் பக்கமே வரவில்லை. தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. கற்கண்டு கொடுத்தவர் அவர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஏழு வாரம் முடிந்து ஸ்கேன். திரையில் அரிசியளவு ஒன்று துடிப்பதைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் கணவரை முந்திக்கொண்டு நானே சொன்னேன், "அத்தை, நான் முழுகாம இருக்கேன்."

"அப்படியா" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போன தடவ ஊர கூட்டுனது நாந்தான். மறக்கல" என்றார்.

மகள் இப்போது முதல் வகுப்பு படிக்கிறாள். தனக்குத்தான் முதலில் தெரியும் என்று இன்றுவரை பெருமை பேசும் என் கணவர் இதைப் படித்தால் படிக்கட்டும். எனக்காக மூன்று வாரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம், அன்று பெஞ்சில் உட்கார்ந்தபோதே கேட்டிருக்கவேண்டிய மன்னிப்பை நான் இன்னும் கேட்கவில்லை.